‘மேற்கொள்ளப்பட்டது’, ‘சாதித்தேன்’, ‘மாற்றினேன்’: விண்ணப்பத்தில் எது நிற்கும்?

திருகோணமலையில் வேலை தேடும் இளையோர் கொண்டுவரும் சுயவிவரக் கோவைகளில் நான் அதிகம் காணும் சொல் ‘மேற்கொள்ளப்பட்டது’. பயிற்சி மேற்கொள்ளப்பட்டது, கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டது. செய்தவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அலுவலக அறிக்கைகளை வாசித்துப் பழகிய நடை இது. அறிக்கைக்குப் பொருந்தலாம், ஒருவர் தன் உழைப்பைச் சொல்லவேண்டிய தாளில் அது அவரையே மறைத்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவெளிப் பக்கம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிய பெண் ஒருவர், நகரில் கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். வலையும் இயந்திரமும் வாங்கச் சங்கம் கடன் கொடுக்கிறது. தவணை கட்டாதவர் யார் என்பது கொப்பியில் சிதறிக் கிடந்தது. அவர் அதை ஒழுங்குபடுத்தினார். இதை மூன்று விதமாக எழுதலாம்.

முதலாவது: “கடன் பதிவுகள் கணினிமயப்படுத்தப்பட்டன. கடன் மீளளிப்பு மேம்படுத்தப்பட்டது.” யாரால் என்று கேட்டால் பதில் இல்லை. சங்கத்தில் இருந்த யாரும் இதே வரியைத் தம் விண்ணப்பத்தில் எழுதலாம்.

இரண்டாவது: “நான் எனது தலைமைத்துவத் திறமையால் கடன் நிலுவையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துச் சாதனை படைத்தேன்.” செய்வினைதான், ஆனால் காதில் உறுத்துகிறது. ‘நான்’ என்ற சொல் மட்டுமே காரணமல்ல. தமிழில் ‘படைத்தேன்’ என்பதன் விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால், அந்த ‘நான்’ தேவையற்ற அழுத்தமாகிறது, அதை எடுத்துவிடலாம். பெரிய சிக்கல் ‘குறைத்தேன்’ என்பதில் இருக்கிறது. கடனைக் கட்டியவர்கள் உறுப்பினர்கள். வீடு வீடாகப் போய்ப் பேசியவர் செயலாளர். அவர்கள் செய்ததையும் இந்த ஒரு வினை விழுங்கிவிடுகிறது.

மூன்றாவது: “48 உறுப்பினர்களின் கடன் கணக்கைக் கொப்பியிலிருந்து எக்செலுக்கு மாற்றினேன். தவணை தவறியவர்களின் பட்டியலை மாதந்தோறும் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் நேரில் சென்று பேசினார். கடந்த ஆண்டு ஓகஸ்டில் 19 ஆக இருந்த நிலுவையாளர் எண்ணிக்கை, இந்த ஆண்டு ஓகஸ்டில் 7 ஆகக் குறைந்தது.”

எனக்கு உறுதியாகப் பிடித்தது இதுதான். கையால் செய்த வேலைக்கு ‘மாற்றினேன்’, ‘கொடுத்தேன்’ என்று செய்வினை. விளைவுக்குக் ‘குறைந்தது’ என்ற தன்வினை. ‘குறைத்தேன்’ என்று முழுப் பெருமையையும் எடுக்காமலும், ‘குறைக்கப்பட்டது’ என்று ஒளியாமலும் நிற்க இந்தச் சோடி வினைகள் தமிழில் தயாராக இருக்கின்றன: உயர்ந்தது – உயர்த்தினேன், சேர்ந்தார்கள் – சேர்த்தேன், திருந்தியது – திருத்தினேன். விளைவு பலரின் உழைப்பில் வந்ததென்றால் சோடியில் முதலில் உள்ள ‘உயர்ந்தது’ போன்ற வினை. தனியாகவே செய்ததென்றால் தயங்காமல் ‘உயர்த்தினேன்’ போன்ற வினை.

ஓகஸ்டை ஓகஸ்டோடு ஒப்பிட்டதற்கும் காரணம் உண்டு. மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும்; தொழில் படுத்துவிடும், தவணையும் தவறும். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்க, கையில் காசு புரளும். டிசம்பர் நிலுவையை ஜூன் நிலுவையோடு ஒப்பிட்டுக் ‘குறைத்தேன்’ என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் இந்த ஊரைத் தெரிந்த ஒருவர், “கடல் திறந்தால் எல்லோரும் கட்டுவார்கள்தானே, பிள்ளை? இதில் நீங்கள் செய்தது என்ன?” என்று கேட்பார். மூன்றாவது வடிவத்தை எழுதியவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

இந்த மூன்று விதங்களுக்கும் நடுவில் இன்னொரு வினைக் கூட்டம் உண்டு: ‘பங்களித்தேன்’, ‘ஈடுபட்டேன்’, ‘பொறுப்பாக இருந்தேன்’. வடிவத்தில் செய்வினை, உள்ளே வெறுமை. பொறுப்பாக இருந்தவர் அந்த வேலையைச் செய்தாரா என்று தெரியாது. ‘எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலில் உள்ள வினையையே தாளில் எழுதுங்கள். ‘தகவல் திரட்டுவதில் ஈடுபட்டேன்’ என்பது, ‘படகு கரைக்கு வரும் காலை வேளையில் மீன் எடையைப் பதிந்தேன்’ என்று மாறிவிடும்.

‘-பட்ட’ என்று வந்த எல்லாவற்றையும் வெட்டவும் கூடாது. “சங்கத்தின் பொருளாளராகத் தெரிவுசெய்யப்பட்டேன்” என்ற வரியை நான் தொடமாட்டேன். தெரிவுசெய்தவர்கள் உறுப்பினர்கள், அங்கே செயப்பாட்டு வினைதான் உண்மையைச் சொல்கிறது. ‘பொருளாளர் பதவியைக் கைப்பற்றினேன்’ என்று செய்வினைக்கு மாற்றினால் பொருளே கெட்டுவிடும். அந்த வரிக்குக் கீழே, பதவியில் இருந்து செய்தவற்றை மட்டும் ‘எழுதினேன்’, ‘சரிபார்த்தேன்’, ‘கூட்டத்தில் வாசித்தேன்’ என்று தொடரலாம்.