புயலுக்கு ஒரு ப்ரீசெட்டா, நேரத்தின் மேல் ஓர் அடுக்கா? சர்வைவல் கேமில் பகல், இரவு, மழை

சர்வைவல் கேம் செய்கிறவர்கள் சூரியனைச் சுற்ற வைப்பதோடு நிற்பதில்லை, மழையையும் சேர்க்கிறார்கள், அங்கேதான் இரண்டு வழிகள் பிரிகின்றன. முதல் வழி ப்ரீசெட்: காலை, நண்பகல், அந்தி, இரவு என்று ஒவ்வொன்றுக்கும் வானம், வெளிச்சம், மூடுபனி எல்லாவற்றையும் கையால் அமைத்து வைத்துவிட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கலந்து நகர்வது. இரண்டாவது அடுக்கு: எந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு கர்வ் சொல்லும், வானிலை அதன் மேல் ஒரு பெருக்கலாக உட்காரும். பினாங்கு மாதிரி ஒரு தீவை வைத்து கோடோ என்ஜினில் கேம் செய்துகொண்டிருக்கிறேன், தெலுக் பாஹாங் பக்கத்துக் காடும் கடற்கரையும்தான் மாதிரி, அதனால் நம் ஊர் மழையை வைத்தே பேசுகிறேன்.

ப்ரீசெட்டின் பலம் அழகு. பத்து ஃபெரிங்கியில் சூரியன் மறையும்போது வானம் எப்படி இருக்க வேண்டும் என்று ஓவியர் நினைக்கிறாரோ, அப்படியே வைக்கலாம், எந்தக் கணக்கும் குறுக்கே வராது. ஆனால் ஆறு நேரம், நான்கு வானிலை என்றால் இருபத்து நான்கு ப்ரீசெட் வேண்டும். யாரும் அத்தனையும் செய்வதில்லை, 'புயல்' என்று ஒன்றை மட்டும் நண்பகலை மனத்தில் வைத்துச் செய்துவிடுகிறார்கள். அதில் ஆம்பியன்ட், அதாவது சுற்றிலும் பரவும் பொது வெளிச்சம், 0.3 என்று வையுங்கள், தெளிவான இரவில் அது 0.1. இரவு ஒன்பது மணிக்குப் புயல் தொடங்கினால் காடு மூன்று மடங்கு வெளிச்சமாகிவிடும். மழை வந்தால் பார்வை தெளிகிறது என்று விளையாடுகிறவர் கற்றுக்கொள்வார், பயத்துக்காக வைத்த புயல் அவருக்கு உதவியாகிவிடும்.

அடுக்கு முறையில் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை, புயல் எதையும் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும்:

```gdscript
sun.light_energy = sun_curve.sample(t) * (1.0 - 0.75 * storm)
env.ambient_light_energy = maxf(
    amb_curve.sample(t) * (1.0 - 0.4 * storm), 0.08)
```

`t` என்பது நாளில் எத்தனை பங்கு போயிற்று என்பது, `storm` 0 முதல் 1 வரை. கடைசி 0.08 முக்கியம், அது இல்லாவிட்டால் இரவுப் புயலில் திரை முழுக்கக் கறுத்து, ஆட்கள் மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டி விளையாடத் தொடங்குவார்கள். ஆம்பியன்ட் மூலத்தை Color என்று வைத்தால்தான் இந்த எண் முழுதாக வேலை செய்யும். வானத்திலிருந்து எடுக்கச் சொன்னால் வானத்தையே கறுப்பாக்க வேண்டும்.

சரி, நிறம்? இங்கே அடுக்கு முறை தடுமாறும். அந்தி ஆரஞ்சை 0.25ஆல் பெருக்கினால் அழுக்கு பழுப்புதான் கிடைக்கும், புயல் மேகத்தின் சாம்பல் வராது. முதலில் நிறத்தை அதே வெளிச்ச அளவுள்ள சாம்பலை நோக்கி `storm` அளவுக்கு நகர்த்திவிட்டு, அப்புறம் பெருக்கினால் சரியாக வரும். மின்னலை மட்டும் பெருக்கவே கூடாது, கூட்ட வேண்டும், இரவில் பெருக்கினால் அது தெரியாமலே போய்விடும்.

என்னை அடுக்கின் பக்கம் இழுத்தது வரிசை. நம் ஊரில் மழை எப்படி வருகிறது என்று பாருங்கள்: முதலில் காற்று மாறும், மலைப் பக்கம் இருண்டு வரும், அப்புறம்தான் துளி விழும். நின்ற பிறகு வானம் சீக்கிரம் தெளிந்துவிடும், தரை மட்டும் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். ப்ரீசெட்டில் எல்லாம் ஒரே எண்ணில் கலப்பதால் காற்றும் இருளும் மழையும் ஈரமும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகும். அடுக்கில் ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் கொடுக்கலாம்: காற்று ஐந்து நொடியில் எழட்டும், இருள் இருபது நொடியில் பரவட்டும், மழை அதற்குப் பின்னால் வரட்டும், ஈரம் காய மூன்று நிமிடம் ஆகட்டும். அந்த முதல் ஐந்து நொடிக் காற்றுதான் விளையாடுகிறவருக்கு எச்சரிக்கை. விறகை உள்ளே இழுக்கலாமா, ஓடலாமா என்று முடிவெடுக்க அவருக்கு அது வேண்டும். மழை நின்றதும் தீ மூட்டப் போனால் விறகு இன்னும் நனைந்திருக்கிறது என்பதும் இந்தத் தாமதத்தால்தான் விளையாட்டாகிறது.

அந்தியைப் பற்றிக் கொஞ்சம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது, பினாங்கு ஏறக்குறைய 5.4 பாகை வடக்கில் இருப்பதால் அது கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது, மறைந்து ஆறு பாகை கீழே போக 24 நிமிடத்துக்குள்தான் ஆகும். கேமில் ஒரு முழு நாள் 40 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் 100 நொடி, அப்போது அந்தி அதிகம் போனால் 40 நொடி. தீவின் மறு கரையில் இருப்பவர் கூடாரத்துக்குத் திரும்ப இது போதாது. கர்வ் கையில் இருந்தால் அந்தியை 90 நொடிக்கு இழுத்துவிடலாம். டோன்ட் ஸ்டார்வ் அந்தியைப் பகலுக்கும் இரவுக்கும் நடுவில் தனிக் கட்டமாகவே வைத்திருக்கிறது, எட்டு நிமிட நாளை 30 நொடிப் பங்குகளாகப் பதினாறாகப் பிரித்து. இன்னொன்று, தீபகற்ப மலேசியா 1982 முதல் உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முந்திய கடிகாரத்தில் ஓடுவதால் இங்கே உச்சி வெயில் ஒன்றேகால் மணி வாக்கில்தான். பன்னிரண்டு மணிக்கு உச்சி என்று எழுதினால், ஏழு மணிக்கு மேல் மறையும் நம் சூரியன் கேமில் ஆறுக்கே மறைந்து நம் ஆட்களுக்கு அந்நியமாகத் தெரியும்.

இனி விதிகள். எதிரி எப்போது வெளியே வரும் என்பதைத் திரையின் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டைத் தூக்கிக் காட்டும், ஆளுக்கு ஆள் செட்டிங் மாறும். மேலே கோடில் வந்த சூரிய எண்ணையும் ஆம்பியன்ட் எண்ணையும் கூட்டினால் போதும். தெளிவான நண்பகல் 1.0 + 0.5, அதாவது 1.5. அதே நேரம் முழுப் புயலில் 0.25 + 0.3, அதாவது 0.55. மாலை ஏழு மணி தெளிவாக இருந்தால் 0.3 + 0.25, அதுவும் 0.55. ஏழு மணியில் புயல் என்றால் 0.075 + 0.15, அதாவது 0.225. 0.25க்குக் கீழே 'இரவு' என்று வைத்தால், தெளிவான நாளில் ஏழரைக்கு வரும் எதிரி புயல் நாளில் ஏழுக்கே வருகிறது, விளையாடுகிறவருக்கு 50 நொடி பறிபோகிறது. தனி விதி எதுவும் எழுதவில்லை, பெருக்கலே செய்துவிட்டது. மைன்கிராஃப்டிலும் இடிமழை பகலில் வந்தால் அரக்கர்கள் வெளியே தோன்றுவதற்கு இதே மாதிரிதான் காரணம், வானிலை வெளிச்ச எண்ணைக் குறைக்கிறது, விதி அந்த எண்ணைப் படிக்கிறது. 'இரவு' முடிய மட்டும் 0.35ஐத் தாண்ட வேண்டும் என்று வையுங்கள், இல்லையென்றால் புயல் ஏறி இறங்கும்போது எதிரிகள் வந்து வந்து மறைவார்கள். மின்னலை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

ப்ரீசெட்டை முழுக்கத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நேரமே நகராத, நான்கைந்து காட்சிகள் மட்டும் உள்ள கேமுக்கு அதுதான் சரி. எங்கள் கேமிலும் மேகம் கிழிந்து அந்தி வெயில் விழும் ஒரு தருணத்துக்கு மட்டும் ஒரு ப்ரீசெட் வைத்திருக்கிறோம், அடுக்கின் மேல் சில நொடி கலந்து விலகிவிடும்.

எந்த முறை எடுத்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: `storm`ஐ 1இல் நிறுத்திவிட்டு முழு நாளையும் வேகமாக ஓட்டி, `storm` 0ஆக ஓட்டியதோடு மணிக்கு மணி ஒப்பிடுங்கள். மின்னலை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு மணியிலாவது புயல் வெளிச்சமாக இருந்தால் எங்கோ ஒரு ப்ரீசெட் பெருக்காமல் மாற்றி எழுதுகிறது, அதைத் தேடுங்கள். நள்ளிரவில் 0.06க்குப் பதில் 0.08 வருவது சரிதான், அது கோடில் வைத்த குறைந்தபட்ச எண்.