இரவு முழுக்க இரைச்சல்: காதுக்குள்ளா, அறைக்குள்ளா?

யாங்கோன் நகர மையத்தில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். கீழே நடைபாதையில் கடைக்கொரு ஜெனரேட்டர். மின்சாரம் போன மறு நிமிடமே ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும், நள்ளிரவே ஆனாலும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் "மீ லாபி!", அதாவது மின்சாரம் வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் கூவுவார்கள். மீதி நேரத்தைத் தெருநாய்கள் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு நடுவே தூங்க இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டேன். மார்ச் முதல் ஜூலை வரை, காதில் இயர்பட் செருகி, ஒரே சீராகச் சீறும் வெள்ளை இரைச்சல் கேட்டபடி தூங்கினேன். அதன் பிறகு இன்றுவரை, பேட்டரியில் ஓடும் சிறிய ஸ்பீக்கர் ஒன்று அலமாரி மேலிருந்து அதே வேலையைச் செய்கிறது. நான் ஸ்பீக்கர் கட்சி. ஏன் கட்சி மாறினேன் என்பதற்கு என் வலது காதே சாட்சி.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, சார்ஜில் உண்டு. என் இயர்பட் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓய்வதற்கு முன் எச்சரிக்கை மணி வேறு அடித்து எழுப்பிவிடும். ஸ்பீக்கர் விடியும்வரை தாங்கும். ஆனால் அதன் சத்தம் மனைவிக்கும் கேட்கும். பக்கத்தில் படுப்பவருக்கு அது பிடிக்காவிட்டால் இந்த ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும்.

முக்கியமான விஷயம் காதுக் குழாயின் பராமரிப்பு. வெளிக்காதுக் குழாயின் நீளம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். குறும்பி சுரப்பது அதன் வெளிப்பக்க மூன்றில் ஒரு பகுதியில்தான். குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதற்கு உதவும். குறும்பி அந்த நகர்வோடு தானாக வெளியே வந்துவிடும். இப்படித் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் குழாயின் வாசலில், இரவில் ஏழு மணி நேரம் ரப்பர் மூடியைச் செருகினால் குறும்பி பின்னுக்குத் தள்ளப்படும். வியர்வையும் ஈரமும் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். மே மாதத்தில் மழை பிடித்தால் இங்கே துவைத்த லோஞ்சியே இரண்டு நாள் காயாது. காதுக் குழாய் எப்படிக் காயும்? ஈரத்தில் ஊறிய தோல் தன் அமிலத்தன்மையை இழக்கும். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் பாக்டீரியாவோ பூஞ்சையோ குடியேறிவிடும்.

எனக்கு முதலில் வந்தது வலியல்ல, அரிப்பு. ஜூலை முதல் வாரம், குளித்த பிறகெல்லாம் வலது காது அரித்தது. பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. நான்கைந்து நாளில் காது அடைத்ததுபோல் ஆயிற்று, தலையணையில் கறை தெரிந்தது. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினால் சுரீரென்றது. மடலை இழுத்தாலும் அதே வலி. வெளிக்காதில் அழற்சி இருப்பதை வீட்டிலேயே கண்டுகொள்ள இவை நல்ல அடையாளம். சளி பிடித்து நடுக்காதில் வரும் வலி மடலை இழுப்பதால் பொதுவாகக் கூடாது.

மாமியார் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். "மாப்பிள்ளை, லேசாகச் சூடு பண்ணியிருக்கிறேன், இரண்டு சொட்டு விடட்டுமா?" என்று கேட்டார். நல்ல வேளை, மறுத்துவிட்டேன். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்றக்கூடாது. மருத்துவர் விளக்கை வைத்துப் பார்த்து, உள்ளே நனைந்த செய்தித்தாள் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படலமும் அதன் மேல் கரும்புள்ளிகளும் இருப்பதாகச் சொன்னார். பூஞ்சை. உறிஞ்சு குழாயால் சுத்தம் செய்து, பூஞ்சைக்கான சொட்டு மருந்து கொடுத்தார். ஆற மூன்று வாரம் ஆயிற்று. "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்றும் கேட்டார். நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தகைய தொற்று அரிதாக எலும்புவரை பரவக்கூடும் என்பதால் கேட்ட கேள்வி அது. சர்க்கரை உள்ளவர்கள் காதுவலியை நாள் கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இத்தோடு, ஒருக்களித்துப் படுக்கும்போது இயர்பட்டின் விளிம்பு மடலின் குருத்தெலும்பில் அழுந்தி, காலையில் தொட்டால் நோகும். தூங்குவதற்கென்றே வரும் மெல்லிய, மெத்தென்ற வகையை மச்சானிடம் வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பார்த்தேன். அழுத்தம் வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அது கோடைக்காலம். மழைக்காலத்துக்கு அந்த இரண்டு வாரத்தைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன்.

அடுத்தது கேட்கும் திறன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும், குறைந்தால் இரட்டிப்பாகும். இரவுக்கு ஏழு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 49 மணி நேரம். ஆக, 80 டெசிபலில் தூங்குபவர் பகலில் ஒரு பாட்டுக்கூடக் கேட்காமலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறார். 50 டெசிபலில் தூங்குபவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், இயர்பட் காதுக்குள் எத்தனை டெசிபல் தருகிறது என்பதை வீட்டில் நம்பகமாக அளக்க முடியாது. ரப்பர் மூடி நாய்க் குரைப்பை நன்றாகக் குறைக்கும், ஜெனரேட்டரின் அடித்தொண்டை உறுமலை அவ்வளவாகக் குறைக்காது. அந்த உறுமலை அமுக்க நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். காலையில் அதே அளவில் போட்டுப் பார்த்தபோது எனக்கே திடுக்கிட்டது. இரைச்சலை ரத்து செய்யும் வகை இயர்பட் ஜெனரேட்டர் போன்ற ஒரே சீரான உறுமலை நன்றாக அடக்கும். அதில் ஒலியைக் கூட்டவே தேவைப்படாது. இயர்பட் பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம் இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் காதை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்பீக்கர் சத்தத்தைத் தலையணையில் கைப்பேசியை வைத்தே அளக்கலாம். கைப்பேசிச் செயலி சில டெசிபல் முன்பின் காட்டும், பரவாயில்லை. சன்னலைச் சாத்தியபின் ஜெனரேட்டர் 55 காட்டியது. ஸ்பீக்கரை 50-இல் நிறுத்தினேன். உறுமல் மறையவில்லை, ஆனால் அது தொடங்குவதும் நிற்பதும் உறைக்காமல் போயிற்று. தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் அந்தத் திடீர் மாற்றம்தான். வெள்ளை இரைச்சலின் சீறலைவிட, தாழ்ந்த சுருதி ஒலி மிகுந்த பழுப்பு இரைச்சல் ஜெனரேட்டருக்குப் பொருத்தம். ஓர் ஒலியை மறைக்க அதே சுருதியில் இருக்கும் ஒலி வேண்டும். ரொம்பச் சிறிய ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி வராது, வாங்கும்போது போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தூரமும் முக்கியம். குழந்தைகளுக்கான தூக்க ஒலிக் கருவிகள் 14-ஐ 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முழுச் சத்தத்தில் சோதித்தார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. தொட்டிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வது அதனால்தான். பெரியவர்களும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. என் ஸ்பீக்கர் அறையின் மறுகோடியில் அலமாரி மேல் இருக்கிறது.

பலர் தங்கும் விடுதி அறையில் இதெல்லாம் நடக்காது. அங்கே இயர்பட்தான் வழி. அப்படியென்றால் மச்சான் செய்வதுபோல் செய்யலாம்: இடப்பக்கம் ஒருக்களித்து, மேலே இருக்கும் வலது காதில் மட்டும் போட்டு, மறுநாள் பக்கத்தை மாற்றுவார். 45 நிமிடத்தில் தானே நிற்கும்படி டைமர் வைப்பார். காலையில் ரப்பர் மூடியைக் கழற்றித் துடைத்து உலர்த்துவார். காது அரித்தால் அன்றைக்குப் போட மாட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் மழைச் சத்தம்தான் ஓடிற்று. இரண்டாம் இரவே மாமியார் எழுந்து, மாடியில் காயும் துணியை எடுக்க ஓடினார். பழுப்பு இரைச்சலுக்கு மாறியதில் அதற்கும் பங்கு உண்டு.