சனிக்கிழமை சாயங்காலம் சிக்னல் போனால் டவர் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்

கரூரில் இருக்கும் என் மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய செல்போன் எண்ணுக்கு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கி, வைப்புத்தொகையை உடைத்து, கணக்கைத் துடைத்து, போதாததற்கு அவர் பெயரில் இரண்டு லட்சத்துக்குக் கடனும் எடுத்துவிட்டார்கள். வங்கி பெயரையும் செல்போன் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை. ஆனால் நடந்தது என்ன, எந்த நேரத்தில் என்ன செய்திருந்தால் பணம் நின்றிருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குச் சம்மதம்தான். "எழுது மாப்ளே, இன்னொருத்தன் மாட்டாம இருந்தா சரி" என்றார்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணி வாக்கில் அவர் போனில் சிக்னல் கோடுகள் காணாமல் போயின. வீட்டு வைஃபை இருந்ததால் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருந்தது, அதனால் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அன்று மதியம் "உங்கள் சிம் மாற்றக் கோரிக்கை பெறப்பட்டது, நீங்கள் கேட்கவில்லை என்றால் உடனே தெரிவிக்கவும்" என்கிற மாதிரி ஒரு எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே அது கிடந்ததை நாங்கள் திங்கட்கிழமைதான் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் பூட்டு. திங்கள் காலை அங்கே போனபோது கவுன்ட்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், சனிக்கிழமையே உங்களுக்குப் புது சிம் கொடுத்தாச்சே" என்றான். அதற்குள் பணம் போய்விட்டிருந்தது.

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிம் மாற்றியதும் அந்த எண்ணுக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் கூடாது, போகவும் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. ஓடிபி திருட்டைத் தடுக்கத்தான் அதை வைத்தார்கள். ஆகவே சனிக்கிழமை மாலை சிம்மைக் கைப்பற்றியவன் ஞாயிறு மாலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாமாவின் கணக்கில் புதிய பயனாளி சேர்க்கப்பட்டது ஞாயிறு இரவு ஏழு மணிக்கு மேல்தான். அந்த ஒரு நாள் முழுக்கப் பணம் கணக்கிலேயே இருந்தது. வார இறுதியைப் பார்த்து இதைச் செய்வதற்குக் காரணமும் இதுதான்: அந்த 24 மணி நேரத்தில் ஷோரூமும் இருக்காது, வங்கிக் கிளையும் இருக்காது. ஆனால் இந்தத் தடை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும்தான். அந்த எண்ணுக்கு வரும் குரல் அழைப்புகள் முதலிலிருந்தே அவனுக்குத்தான் போகும், அதனால் அழைப்பில் ஓடிபி சொல்லும் சேவைகளுக்கு இது காவல் இல்லை.

டவர் கோளாறா, சிம் களவா என்று கண்டுபிடிப்பது சுலபம். போனை அணைத்துப் போடுங்கள். சரியாகவில்லை என்றால் பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்குச் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்னொரு போனிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். உங்கள் போன் செத்துக் கிடக்க, அழைப்பில் மட்டும் ரிங் போனால் சந்தேகமே வேண்டாம், உங்கள் எண் வேறொருவன் கையில் இருக்கிறது. ஞாயிறு காலை என் அத்தை மாமாவை அழைத்தபோது ரிங் போய் யாரும் எடுக்கவில்லை. மாமா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "ஏதோ நெட்வொர்க் கோளாறு" என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

அது தெரிந்த நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் செல்போன் கடைக்கு ஓடுகிறார்கள். தவறில்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் அழைப்பு வங்கிக்கு. டெபிட் கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணை இன்னொருவர் போனிலிருந்து அழையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணை நம்பாதீர்கள், அதிலும் திருடர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைத்ததும் "கார்டை பிளாக் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. மாமா விஷயத்தில் கார்டுக்கு வேலையே இல்லை, எல்லாம் நெட் பேங்கிங் வழியாகப் போனது. நெட் பேங்கிங், மொபைல் பேங்கிங், யூபிஐ, கார்டு நான்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து பணம் வெளியே போகாதபடி டெபிட் ஃப்ரீஸ் போடச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அதே சமயம் வீட்டில் இன்னொருவர் செல்போன் நிறுவனத்தை அழைத்து அந்தச் சிம்மை முடக்கச் சொல்லட்டும். புது சிம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

பணம் போயிருந்தால் அடுத்தது 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள குறிப்பு எண் எல்லாம் கேட்பார்கள். எண்கள் கையில் இல்லை என்றால் கிளையில் ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொண்டு அங்கிருந்தே அழைக்கலாம். இதில் ஏன் நிமிடக் கணக்கு பார்க்க வேண்டும் என்றால், பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வாடகைக்குக் கணக்கு கொடுத்த யாரோ ஒருவர் கணக்கில் விழுந்து, அங்கிருந்து பிரிந்து வேறு கணக்குகளுக்குப் போய், கடைசியில் ஏடிஎம்மில் எடுக்கப்படுகிறது. 1930-இல் பதிந்ததும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது, மிச்சம் இருக்கும் தொகையை அவர்கள் பிடித்து வைக்கிறார்கள். மாமாவுக்குப் போன நாலே முக்கால் லட்சத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் இப்படித்தான் வழியில் நின்றது. அது திரும்ப வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறார்கள், மனு போட்டிருக்கிறோம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களைத் தடுக்கி விழவைத்தது. புகார் ஒப்புகை எண் எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். திருடு போன எண்ணையே கொடுத்தால் அது திருடனுக்குப் போகும். வீட்டில் வேறொருவர் எண்ணைக் கொடுங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் ஆவணங்களோடு முழுப் புகாரையும் அன்றைக்கே பதிந்துவிடுங்கள். சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுக்கும்போது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடலாம். முதலாவது அடையாளத் திருட்டு, இரண்டாவது ஆள்மாறாட்ட மோசடி.

மின்னஞ்சலை மறந்துவிடாதீர்கள். மாமாவின் பெட்டியில் வங்கி அனுப்பிய எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், வங்கியிலிருந்து வரும் அஞ்சல்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி ஒரு வடிகட்டி போட்டு வைத்திருந்தார்கள். எண் கையில் இருந்தால் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுவது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. கடவுச்சொல்லை மாற்றி, எல்லா கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, வடிகட்டி, ஃபார்வர்டிங் இரண்டையும் பார்த்து நீக்குங்கள்.

இனி வங்கியோடு நடக்கும் சண்டை. "ஓடிபி உங்கள் பதிவு எண்ணுக்குத்தான் போயிருக்கிறது, எனவே நீங்கள்தான் பொறுப்பு" என்றார் கிளை மேலாளர். இந்த வசனத்தைக் கேட்டு வீடு திரும்பிவிடாதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் நடுவில் எங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கே கிடையாது. நாலு முதல் ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனையில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நாம் சுமக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை. வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, எழுதிக் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

ஆனால் கார்டு விவரமோ ஓடிபியோ யாரிடமாவது சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும். நீங்கள் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில்தான். அதனால்தான் "யாராவது போன் பண்ணி ஏதாவது கேட்டாங்களா சார்?" என்று நைசாக விசாரிப்பார்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். "ஒருவேளை எங்கேயாவது கொடுத்திருப்பேனோ என்னவோ" என்று மாமா பேச்சுவாக்கில் சொன்னதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அதை மறுத்துத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

மேலாளரின் வசனத்துக்குச் சரியான பதில் செல்போன் நிறுவனத்தின் கடிதம்தான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் சிம் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். யாருடைய அடையாள அட்டை நகலைக் காட்டி வாங்கினார்கள் என்பதை உங்களுக்குத் தரமாட்டார்கள், காவல்துறை கேட்டால் தருவார்கள். எங்களுக்கு வந்த கடிதத்தில் சனிக்கிழமை மாலை 6.34 என்று இருந்தது. வங்கி ஸ்டேட்மென்டில் முதல் பரிவர்த்தனை ஞாயிறு இரவு 7.12. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்ததும் அந்த ஓடிபி யார் கைக்குப் போனது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேலாளரின் குரலும் அன்றைக்குத்தான் இறங்கியது.

கடன் விஷயம் தனி. வங்கிச் செயலியில் "உங்களுக்காக முன்பே அனுமதிக்கப்பட்டது" என்று மின்னுகிற தனிநபர் கடனை ஓடிபி மட்டும் வைத்து எடுத்துவிட்டார்கள். மாமா மானத்துக்குப் பயந்து முதல் தவணையைக் கட்டிவிடலாம் என்று கிளம்பினார். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக நாளை வாதிடுவார்கள் என்று தடுத்தோம். இந்தக் கடனை நான் வாங்கவில்லை என்று அதே புகாரில் தனிப் பத்தியாக எழுதி, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திலும் ஆட்சேபம் பதிய வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நமக்குத் தெரியாத வேறு கடன் ஏதாவது முளைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நம் பெயரில் வேறு சிம்கள் இருக்கின்றனவா என்று sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கலாம். மாமா பெயரில் அவருக்கே தெரியாத ஓர் எண் இருந்தது, "என்னுடையது அல்ல" என்று அங்கேயே குறித்தோம். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைத்துவிட்டோம்.

30 நாளில் வங்கி உருப்படியான பதில் தராததால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாகப் போயிருக்கிறோம், கட்டணம் கிடையாது. தற்காலிக வரவு ஒருவழியாக வந்துவிட்டது, ஆனால் இறுதி முடிவு வரும்வரை அதைத் தொட முடியாது. இதற்கிடையில் போன வாரம் "சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், முடக்கிய பணத்தை விடுவிக்க 8,000 ரூபாய் கட்டணம்" என்று ஒருவன் மாமாவை அழைத்தான். புகார் எண்ணைச் சரியாகச் சொன்னானாம். அந்த எண்ணையும் 1930-இல் பதிந்திருக்கிறோம்.