தம்பியின் தோள் தழும்பும் நாங்கள் கொடுத்த பதினெட்டாயிரம் ரூபாயும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரை முழுவதும் பெயர்ந்து தென்னை மட்டைகளுக்கு நடுவே கிடந்தது. மூன்றாம் நாள் அதை அப்புறப்படுத்தும்போது ஒரு தகரம் சரிந்து, அப்போது பத்தொன்பது வயதிலிருந்த என் தம்பியின் இடது தோளில் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆழமாகக் கிழித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, பதினொரு தையல் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் தையலைப் பிரித்தார்கள். அங்கே நடந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்குள் காயம் மூடி, தோலோடு தோலாகச் சிவந்த கோடு மட்டுமே இருந்தது.

மார்ச் மாதத்தில் அந்தக் கோடு மேடாகத் தொடங்கியது. கூடவே அரிப்பு. ஆழமான காயம் ஆறும்போது தழும்பு சில மாதங்கள் சிவந்து, சற்றுக் கெட்டியாக இருப்பது இயல்புதான். முதல் மூன்று வாரங்களில் உடல் அவசரமாக நார்களை நெய்து காயத்தை மூடுகிறது. அந்த நார்கள் கரைந்து, மறுபடி அடுக்கப்பட்டு, தழும்பு தணிந்து வெளுப்பதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதனால் நாங்கள் கவலைப்படவில்லை. ஆனால் ஜூலையில் அது சுண்டுவிரல் பருமனுக்குத் தடித்து, பளபளவென்று, சட்டை உரசினாலே வலிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து நகரத்தில் இருந்த, லேசர் அழகு சிகிச்சை என்று பெரிய பலகை வைத்த ஒரு நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் சட்டையை விலக்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது சாதாரண தடிப்புத் தழும்புதான், ஒரே சிட்டிங்கில் எடுத்துவிடலாம், திரும்ப வராது" என்றார். காயம் எப்போது பட்டது, எப்போது தடிக்க ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்ற எதையும் அவர் கேட்கவில்லை. பதினெட்டாயிரம் ரூபாய் கட்டினோம். ஆகஸ்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, லேசரால் மேட்டைச் சீவி எடுத்து, ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு களிம்பையும் கொடுத்து அனுப்பினார்கள். தழும்புக்குள் மருந்து ஊசி போடவில்லை. தழும்பின் மேல் ஒட்டி வைக்கும் சிலிக்கோன் பட்டை தரவில்லை. அடுத்து எப்போது வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் தட்டையாக இருந்தது. கார்த்திகையில் அது மறுபடி கிளம்பியபோது, பழைய கோட்டை மட்டுமல்லாமல் இரு பக்கமும் காயமே படாத தோலையும் பிடித்துக்கொண்டு, நண்டுக் கால் போல நீட்டி வளர்ந்திருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உங்கள் தம்பியின் தோல் அப்படி" என்று சொல்லி, இன்னொரு சிட்டிங்குக்கு இன்னொரு தொகை சொன்னார்கள். ரசீதில் ‘தழும்பு நீக்கம்’ என்று மட்டும் இருந்தது. செய்தவரின் பெயரோ மருத்துவப் பதிவு எண்ணோ இல்லை. கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டோம், தரவில்லை.

டிசம்பரில் தஞ்சாவூரில் ஒரு தோல் நோய் மருத்துவரிடம் போனோம். அவர் தம்பியின் தோளைப் பார்ப்பதற்கு முன்பே, துணைக்கு வந்திருந்த அம்மாவின் காதைப் பார்த்தார். இரண்டாவது தோட்டுக்காகக் காது குத்திய இடத்தில் அம்மாவுக்கு மொச்சைக் கொட்டை அளவில் ஒரு முடிச்சு பல வருடங்களாக உண்டு. நாங்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. "இது எப்போதிலிருந்தும்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தம்பியின் கைப்பேசியில் இருந்த தையல் போட்ட அன்றைய படத்தை வாங்கி, தோளோடு ஒப்பிட்டார். பிறகு ஒரு கண்ணாடித்தாளைத் தழும்பின் மேல் வைத்துப் பேனாவால் அதன் விளிம்பை வரைந்து, தேதி எழுதி வைத்துக்கொண்டார்.

அவர் விளக்கியதை இங்கே எழுதுவதற்காகவே இந்தப் பதிவு. தடித்த தழும்பு என்பது காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். காயம் பட்ட ஒன்றிரண்டு மாதங்களில் எழும்பி, சில மாதங்கள் வளர்ந்து, பிறகு தானாகவே மெல்லத் தணியத் தொடங்கும். தம்பிக்கு வந்திருந்த கெலாய்டு என்ற தழும்பு வகை அப்படியல்ல. அது பெரும்பாலும் காயம் ஆறிச் சில மாதங்கள் கழித்தே தலைகாட்டும், தையல் புள்ளிகளையும் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும், தானாக அடங்குவது அரிது. மார்பு நடு, தோள், காது மடல், தாடை ஓரம் ஆகிய இடங்களில், கருநிறத் தோல் உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் அது அதிகம் வருகிறது. ஆரம்ப மாதங்களில் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். அதனால்தான் வெட்டுவதற்கு அவசரப்படாமல், எல்லையைக் குறித்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கெலாய்டை வெறுமனே வெட்டினாலோ லேசரால் சீவினாலோ, அதே தோலில் இன்னொரு காயத்தை உண்டாக்கியதாகத்தான் முடியும். வேறு சிகிச்சை எதுவும் சேர்க்காமல் வெட்டப்பட்டவர்களில் பாதிப் பேருக்காவது அது திரும்ப வருகிறது என்றும், சில ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே வந்திருக்கிறது என்றும், வரும்போது பெரிதாக வருவதும் உண்டு என்றும் சொன்னார். அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றால், தொடர்ந்து ஸ்டீராய்டு ஊசியோ, முதல் ஓரிரு நாட்களுக்குள் தொடங்கும் கதிர்வீச்சோ, காது மடலானால் அழுத்தும் கிளிப்போ சேர்க்கப்பட வேண்டும். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் இதில் ஒன்றைக்கூட வாயால் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என் மனத்தை அறுக்கிறது.

தம்பிக்கு ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நான்கு வாரத்துக்கு ஒரு முறை கெலாய்டுக்குள்ளேயே செலுத்தினார்கள். முதல் முறை கட்டி கல் போல இருந்ததால் மருந்து உள்ளே போகவே மறுத்தது. அடுத்த முறை திரவ நைட்ரஜனால் உறையவைத்து, சற்று நேரம் கழித்து அது இளகிய பிறகு ஊசி போட்டார்கள். வலி கடுமையானது, அதை மறைக்கக் கூடாது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அரிப்பு நின்றது; நான்காவதில் மேடு பாதியாகத் தணிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, செப்டம்பரில் தஞ்சாவூர்ப் பேருந்து மறுபடி ஓடும்வரை போக முடியாத இடைவெளியில் ஓரம் மீண்டும் தடித்தது. பிறகு இன்னும் ஐந்து ஊசிகள். மருந்து சுற்றியுள்ள நல்ல தோலில் கசிந்தால் அங்கே தோல் மெலிந்து வெளுக்கும். தம்பிக்கு ஒரு ரூபாய் நாணய அளவில் அப்படி ஒரு வெளுப்பு வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த ஊசிக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறலாம்.

சிலிக்கோன் பட்டையைக் காயம் முழுவதும் மூடிய பிறகு தொடங்கி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதமாவது வைத்தால்தான் பயன். எங்கள் பக்கத்து வெயிலில் வியர்வை தேங்கி வேர்க்குரு வந்ததால், பட்டையைத் தினமும் சோப்பால் கழுவி, டியூபில் வரும் சிலிக்கோன் ஜெல்லுக்குப் பகலில் மட்டும் மாறினோம். 2019 மார்ச்சில், தழும்பு கோட்டுக்குள்ளேயே நின்ற அந்த வாரங்களில் இதை யாராவது சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கலாம்.

இப்போது அந்த இடம் தட்டையாக, வெளிறி, விரலால் தொட்டால் மிருதுவாக இருக்கிறது. மறையவில்லை, மறையும் என்று மருத்துவரும் ஒருபோதும் சொல்லவில்லை. கண்ணாடித்தாள்கள் ஒன்பதும் தம்பியின் மருத்துவக் கோப்பில் இருக்கின்றன. விளிம்பில் அரிப்புத் தொடங்கினால் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மாதத்துக்கு ஒரு முறை அம்மா கடைசித் தாளை எடுத்து அவன் தோளில் வைத்து, கோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறாள்.