தொண்ணூறு நாள் கணக்கு: நான்கு ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் கொப்பி

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் மூன்றே நிரல்கள்: நுழைந்த நாள், வெளியேறிய நாள், மொத்த நாள்கள். 2022 முதல் நான் ஐரோப்பாவுக்குப் போய்வந்த ஒவ்வொரு பயணமும் அதில் ஒரு வரியாக இருக்கிறது. மகள் சூரிச்சில், தம்பி பரிஸில். என்னிடம் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. லண்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, ஓய்வுபெற்ற பின் ஊருக்குத் திரும்பியவள் நான். லண்டனில் இருந்த காலத்தில் தம்பி வீட்டில் எத்தனை நாள் நின்றாலும் யாரும் கேட்டதில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. விசா இல்லாமல் போகலாம், ஆனால் எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது.

இந்த விதியில் எங்கள் ஆட்கள் முதலில் தடுமாறும் இடம் நாடுகளைப் பிரித்து எண்ணுவதுதான். எங்கள் ஒழுங்கையில் கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். போன வருடம் அவர் என்னிடம், "சுவிஸில் தொண்ணூறு நாள், பிரான்சில் தொண்ணூறு நாள், வேறு வேறாகத்தானே அக்கா?" என்று கேட்டார். இல்லை. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகள் இருபத்தொன்பதும் சேர்ந்து இந்தக் கணக்கில் ஒரே வீடு. சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் இந்த வீட்டுக்குள் இருக்கின்றன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் இந்த வீட்டுக்கு வெளியே. சூரிச்சிலிருந்து பரிஸுக்கு ரயிலில் போவது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதைப் போன்றது. அங்கே முத்திரை குத்த மாட்டார்கள், நாள் கணக்கும் நிற்காது.

நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே எண்ணப்படும். இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் அன்றைக்கு ஒரு நாள் போய்விடும். கொழும்பிலிருந்து பிராங்பேர்ட் வழியாகச் சூரிச் போனால் நுழைவு பிராங்பேர்ட்டில்தான் நடக்கிறது. லண்டனில் யூரோஸ்டார் ரயிலில் ஏறினால், அந்த நிலையத்திலேயே பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவார்கள். ஆகவே, டிக்கெட்டில் உள்ள ஊரைப் பார்க்காமல், எல்லை அதிகாரியைத் தாண்டிய நாளையே கொப்பியில் எழுத வேண்டும்.

இவை சின்ன விஷயங்கள். எனக்கு உண்மையாகவே நேரம் எடுத்தது "எந்த 180 நாள்" என்பதை விளங்கிக்கொள்ளத்தான். முதல் பயணத்தில் தொடங்கி ஆறு மாதம் எண்ணி, அது முடிந்ததும் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். 2013 ஒக்டோபர் 18க்கு முன்பு கணக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படியில்லை. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளிலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். அதற்குள் நின்ற நாள்கள் 90ஐத் தாண்டக்கூடாது.

இதை நான் விளங்கிக்கொண்டது கணினியில் அல்ல, பேரனின் வரைபுத்தாளில். ஒரு மில்லிமீற்றர் ஒரு நாள் என்று வைத்து, தாள்களை நீளமாக ஒட்டி, அங்கே நின்ற நாள்களைச் சிவப்புப் பென்சிலால் தீட்டினேன். அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அடிமட்டத்தை வைத்தேன். பதினெட்டு சென்ரிமீற்றர் என்பது 180 நாள். அடிமட்டத்தின் பதினெட்டாம் கோட்டை வெளியேறும் நாளில் பொருத்தினால், பூச்சியத்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் தெரியும் சிவப்பு மட்டும்தான் கணக்கு. அடிமட்டத்தை வலப்பக்கம் ஒவ்வொரு மில்லிமீற்றராக நகர்த்தும்போது, இடப்பக்கத்தில் பழைய சிவப்பு ஒவ்வொரு நாளாக வெளியே விழும்.

2024ஆம் ஆண்டை அப்படியே சொல்கிறேன். ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை சூரிச்சில் 42 நாள். ஏப்ரல் 25 முதல் மே 14 வரை பரிஸில் 20 நாள். மொத்தம் 62. மகளுக்கு ஜூலையில் பிரசவம் என்பதால் ஜூலை 1 போய் இறங்கத் திட்டமிட்டேன். தொண்ணூறில் அறுபத்திரண்டு போனால் மிச்சம் 28 நாள். பிள்ளை பெற்ற வீட்டில் 28 நாள் எதற்குக் காணும் என்று இரவெல்லாம் யோசித்தேன்.

அடிமட்டத்தை வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஜூலை 7 வரை மொத்தம் ஏறிக்கொண்டே போய் 69 ஆகிறது. ஜூலை 8 அன்று பின்னோக்கிய 180 நாள் ஜனவரி 11இல் தொடங்குகிறது. அதாவது ஜனவரி 10 வெளியே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் புதிதாக ஒரு நாள் சேர, பழையதில் ஒரு நாள் கழிகிறது. ஓகஸ்ட் 18 வரை மொத்தம் 69இலேயே நிற்கிறது. அதற்குள் குளிர்காலத்தின் 42 நாளும் கழிந்து முடிந்துவிடும். பிறகு மீண்டும் ஏறத் தொடங்கி, செப்டெம்பர் 8 அன்று சரியாக 90. நான் நிற்கக்கூடியது 28 நாள் அல்ல, 70 நாள். மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு அந்த வருடம் ஊரில் இருக்க முடியாதே என்ற ஒரு கவலையைத் தவிர வேறு கவலை இல்லாமல், செப்டெம்பர் 8க்குத் திரும்பும் டிக்கெட்டை எடுத்தேன்.

அங்கேதான் தவறினேன். ஜூன் மாதம் பரிஸில் தம்பியின் மாமியார் காலமானார். செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஜூன் 10 முதல் 19 வரை பத்து நாள். போவதற்கு முன் ஜூன் 19ஐ வைத்துக் கணக்குப் பார்த்தேன். 72 நாள், பிரச்சினை இல்லை. ஆனால் ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்த ஜூலைப் பயணத்தை மறுபடி பார்க்கவில்லை. ஜூலை நடுப்பகுதியில், சூரிச்சில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், கைப்பையில் இருந்த கொப்பியை எடுத்து வரிகளைக் கூட்டியபோது கை நடுங்கியது. ஏப்ரல் பயணம் 20, செத்த வீடு 10, இந்தப் பயணம் 60 என்று ஓகஸ்ட் 29லேயே 90 முடிந்துவிடுகிறது. செப்டெம்பர் 8 வரை நின்றிருந்தால் நூறு நாள். பத்து நாள் சட்டமீறல். தண்டமும், திரும்ப நுழையத் தடையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் பேத்தி பிறந்திருக்கும் வீட்டுக்கு மறுபடி வர முடியாமல் போகுமே என்ற எண்ணமே போதுமாக இருந்தது. மேலதிகப் பணம் கட்டி டிக்கெட்டை ஓகஸ்ட் 27க்கு மாற்றினேன்.

அன்றிலிருந்து இரண்டு வழக்கங்களை வைத்திருக்கிறேன். ஒரு பயணத்தைச் சரிபார்க்க அதன் கடைசி நாளைப் பார்த்தால் போதும். ஏனென்றால் உள்ளே நிற்கும்வரை மொத்தம் ஏறும் அல்லது அப்படியே நிற்கும், இறங்காது. ஆனால் நடுவில் புதிதாக ஒரு பயணத்தைச் சொருகினால், அதற்குப் பின்னால் திட்டமிட்ட ஒவ்வொரு பயணத்தின் கடைசி நாளையும் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டாவது, 90ஆம் நாளில் டிக்கெட் எடுப்பதே இல்லை. வேலைநிறுத்தமோ பனியோ விமானத்தை நள்ளிரவு தாண்டச் செய்தால் அது 91 ஆகிவிடும். எனக்கு இரண்டு நாள் இடைவெளி குறைந்தபட்சம், குளிர்காலத்தில் மூன்று.

இப்போது வரைபுத்தாளுக்குப் பதிலாகக் கணினி அட்டவணை வைத்திருக்கிறேன். ஏ நிரலில் நுழைந்த நாள், பி நிரலில் வெளியேறும் நாள். E1 கட்டத்தில் சரிபார்க்க வேண்டிய நாளை எழுதி, C2இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிட வேண்டும்:

```
=MAX(0,MIN(B2,$E$1)-MAX(A2,$E$1-179)+1)
```

சி நிரலின் கூட்டுத்தொகை 90ஐத் தாண்டாமல் இருந்தால் சரி. 180 நாளில் சரிபார்க்கும் நாளும் அடங்கும் என்பதால்தான் 179 கழிக்கிறோம். கடைசியில் வரும் +1, நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் சேர்ந்து எண்ணப்படுவதற்காக. அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாள் குறைவாகக் காட்டும். நான்கு பயணத்தில் நான்கு நாள் பிழை.

ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையக் கணிப்பானையும் ஒவ்வொரு முறையும் பயன்படுத்துகிறேன். என் அட்டவணையும் அதுவும் ஒரே விடையைத் தந்தால்தான் பணம் கட்டுவேன். அது நம்பகமானது, ஆனால் பழைய பயணங்களை ஒவ்வொரு தடவையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பயணத்தை எழுத மறந்தால் மனம் குளிரும் ஒரு பொய் விடையைத் தந்துவிடும். அதனால் கொப்பிதான் மூலம், மற்றவை அதன் பிள்ளைகள்.

முன்பு முத்திரைகளைப் பார்த்துக் கொப்பியை எழுதுவேன். நுழைவு முத்திரை நேர்மூலைச் செவ்வகம், வெளியேறும் முத்திரைக்கு மூலைகள் வளைந்திருக்கும். மை மங்கினாலும் வடிவத்தை வைத்துச் சொல்லிவிடலாம். 2025 ஒக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தையும் விரல் அடையாளத்தையும் எடுத்துக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நாள் கூடினால் இனி அந்தக் கணினியே கண்டுபிடித்துவிடும்; மங்கிய முத்திரையை அதிகாரி கவனிக்காமல் விட்ட காலம் போய்விட்டது. ஆனால் எங்கள் கையில் அடையாளம் எதுவும் மிஞ்சாது. ஆகவே விமானத்தில் ஏறும் அட்டைகளைக் கொப்பியின் அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைக்கிறேன்.

இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே எண்ணல் முறைதான். ஆனால் விசாவில் நிற்கக்கூடிய நாள் எண்ணிக்கை தனியாக எழுதியிருக்கும். விசா செல்லும் காலம் நீளமாக இருக்கிறது என்பதற்காக அத்தனை நாளும் நிற்க முடியாது.

ஆசிரியரின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அவர் மூன்று மாதம் என்று கேட்டு, ஜூலை 1 முதல் செப்டெம்பர் 30 வரை டிக்கெட் எடுத்திருந்தார். அதற்கு முந்திய ஆறு மாதத்தில் அவர் அந்தப் பக்கமே போகவில்லை, முழுத் தொண்ணூறும் கையில் இருந்தது. இருவரும் எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினோம்: ஜூலைக்கு 31, ஓகஸ்டுக்கு 31, செப்டெம்பருக்கு 30. தொண்ணூற்றிரண்டு. டிக்கெட் செப்டெம்பர் 26க்கு மாறியது.