பலகாரம் ‘பரகாரம்’ ஆகும் பத்து நாள்

காரைக்குடியில் எங்களுக்கு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகைதான் பெரும்பாலும், நாளெல்லாம் தமிழ்99. நான் பிளாங்க் என்ற சின்ன கீபோர்டு வாங்கினேன், தேவகோட்டை மச்சான் கார்னே என்ற இரண்டாகப் பிரிந்த கீபோர்டு வாங்கினான், நாலு மாசம் கழித்து மாற்றிக்கொண்டோம்.

பிளாங்க் ஆர்த்தோலீனியர், கீயெல்லாம் கட்டம்போட்ட நோட்டு மாதிரி நேர்நேராக இருக்கும். சாதாரண கீபோர்டில் A வரிசையைவிட Z வரிசை அரை கீ, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர், வலப்பக்கம் தள்ளியிருக்கும். விரல் அந்தச் சாய்வையே நம்பி இறங்குவதால் X-க்குப் போகும் இடது விரல் C-யில் விழும், ‘ஓடு’ என்று அடித்தால் ‘ஒடு’ வரும். வலது கையில் N-க்குப் போகிற விரல் M-இல் விழும், ல போய் ர வரும், பலகாரம் ‘பரகாரம்’ ஆகும். மேல் இரண்டு வரிசையில் தப்பு வரவே இல்லை, ஏனென்றால் அங்கே தள்ளல் கால் கீதான். கீழ்வரிசை சரியாவதற்குப் பத்து நாள் பிடித்தது, பழைய வேகம் வர மூன்று வாரம்.

கார்னேயில் காலம்னார் ஸ்டேகர். மேலிருந்து கீழாகப் போகும் பத்தி நேராகத்தான் இருக்கும், ஆனால் நடுவிரல் பத்தி மேலே ஏறியும் சுண்டுவிரல் பத்தி கீழே இறங்கியும் இருக்கும். பிளாங்க்கில் பழகிய கைக்கு இது நாலே நாள். கஷ்டம் நேர்ப்பத்திக்குப் பழகுவதுதான், ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. தமிழ்99-இல் ந, ய, ண, ழ எல்லாம் வலது சுண்டுவிரல் தலையில் விழுகிறதா, பிளாங்க்கில் சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும், கார்னேயில் அது குறைந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு கார்னேக்கு.

ஆனால் நாள் இழுப்பது கட்டைவிரல். ச இருப்பது `[` கீயில், `ஆச்சி` என்று அடிக்க `q[[s`. இரண்டு கீபோர்டிலும் அந்த இடத்தில் பேக்ஸ்பேஸ்தான் இருக்கிறது, ச தேடினால் லேயர் மாற்ற வேண்டும், அதாவது இன்னொரு கீயை அமுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். சகரம் இல்லாமல் செட்டிநாட்டில் பத்திரிகை அடிக்க முடியுமா? ஆகவே அங்கே `[` கீயின் குறியீடான `KC_LBRC` போட்டு, பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தேன். ஞ மட்டும் லேயரில்.

அதுவரை ஸ்பேஸ் ஒன்றையே தட்டிக்கொண்டிருந்த விரலுக்குத் திடீரென்று ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், லேயர் என்று மூன்று வேலை. ஐந்தாவது வாரத்தில்கூட, தப்பை அழிக்கப் பழைய பழக்கத்தில் சுண்டுவிரல் மேலே போய் ‘ச’வாகக் கொட்டியது. ‘இசைகுடிமானம்’ அடித்துவிட்டு ஒரு எழுத்தை அழிக்கப் போனால் ‘இசைகுடிமானம்ச்ச’. ஏழாவது வாரம்தான் நின்றது. கார்னேயில் கைக்கு மூன்று கட்டைவிரல் கீ, உள்ளங்கைப் பக்கம் இருப்பதை அடிக்கடி தட்டினால் விரல் மடங்கி அடிமூட்டு வலிக்கும், அதனால் ஸ்பேஸும் பேக்ஸ்பேஸும் நடுவில்தான் வைக்க வேண்டும்.

மச்சான் கட்டைவிரலோடு மல்லுக்கட்டமாட்டேன் என்று பேக்ஸ்பேஸைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறான். ‘ச’ வரும்போதெல்லாம் அவன் கை ஒரு நொடி நிற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கலாம்.