7300-ஐ விட 7200 எப்படிப் பெருசு? கேம் ஆட இரண்டு போன்களை ஒப்பிட்ட கதை

மதுரை டவுன் ஹால் ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அண்ணே, இது 7200, அது 7300. புதுசு. நம்பரே சொல்லுதுல்ல?" நம்பர் சொல்வது உண்மைதான். எதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல்.

நான் ஒப்பிட்டது ஐக்யூ இசட்9 5ஜி-யையும் சிஎம்எஃப் போன் 1-ஐயும். முதலாவது 2024 மார்ச்சிலும் இரண்டாவது அதே ஆண்டு ஜூலையிலும் வந்தன. 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு உள்ள மாடல்களின் அறிமுக விலை முறையே 19,999 ரூபாய், 17,999 ரூபாய். ஐக்யூவில் இருக்கும் சிப் மீடியாடெக் டைமென்சிட்டி 7200, சிஎம்எஃப்பில் டைமென்சிட்டி 7300. நான் வாங்கியது ஐக்யூ. உசிலம்பட்டியில் இருக்கும் அக்கா மகனிடம் சிஎம்எஃப் இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கிறோம். ஆகவே நடுநிலை என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் சாய்வு 7200 பக்கம்தான்.

சட்டென்று தாண்டிவிடக்கூடியவை சில. இரண்டிலும் 6.67 அங்குல அமோலெட் திரை, 120 ஹெர்ட்ஸ், 5000 எம்ஏஎச் பேட்டரி. ஐக்யூ 44 வாட் சார்ஜரோடு வருகிறது. சிஎம்எஃப் 33 வாட், சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். சிஎம்எஃப்பின் மென்பொருள் சுத்தமானது. ஐக்யூவில் வேண்டாத ஆப்களை முதல் நாளே உட்கார்ந்து நீக்க வேண்டியிருக்கும். சிஎம்எஃப்பின் முதுகு மூடியை ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அக்கா மகன் அதற்காகவே அதை எடுத்தான். கேமராவை இங்கே இழுக்க வேண்டாம்.

கேமுக்கு வருவோம். போன் பெட்டியிலும் விளம்பரத்திலும் சிப்பின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின், அதாவது ஜிபியுவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நாம் தேட வேண்டியது அதைத்தான். 7200-இல் இருப்பது `Mali-G610 MC4`. 7300-இல் இருப்பது `Mali-G615 MC2`. கடைக்காரர் சொன்ன கணக்கில் பார்த்தால் 615, 610-ஐ விடப் பெரிது. அதுவும் ஒரு தலைமுறை புதியது. ஆனால் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் `MC4`, `MC2` என்ற இரண்டையும் பாருங்கள். அதுதான் கோர்களின் எண்ணிக்கை. சில தளங்களில் அதையே `MP4`, `MP2` என்று போட்டிருப்பார்கள். முதலாவதில் நான்கு கோர், இரண்டாவதில் இரண்டே கோர். ராத்திரி கூட்டத்துக்கு, பழைய கல்லானாலும் நாலு மாஸ்டர் நிற்கும் பரோட்டா கடைதான் தாக்குப்பிடிக்கும். புதுக் கல் வாங்கிப்போட்டு ரெண்டு மாஸ்டரை நிறுத்தினால் வரிசை நீளும்.

"புது கோர் வேகமாக இருக்குமே, ரெண்டு போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜி615 என்பது தனி வடிவமைப்பு அல்ல. ஆர்ம் நிறுவனம் 2022-இல் அறிவித்த ஜி715-இன் கோரையே ஆறு அல்லது அதற்குக் குறைவாக வைத்தால் அதற்குப் பெயர் ஜி615. அதேபோல 2021-இன் ஜி710 கோரை ஆறுக்குள் வைத்தால் ஜி610. பழையதை விடப் புதியது சுமார் 15 சதவீதம் வேகம் என்பது ஆர்ம் சொன்ன கணக்கு. அதை அப்படியே நம்பினாலும், இரண்டு புதுக் கோர் சேர்ந்து பழைய கோர் இரண்டேகால் அளவுக்குத்தான் வரும். எதிரில் நாலு நிற்கிறது. இது கரடுமுரடான கணக்குதான். ஜிபியு ஓடும் கடிகார வேகம் மாறும், கேமுக்குக் கேம் பலனும் மாறும், அதனால் நிஜத்தில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்காது. கிராபிக்ஸ் வேகத்தை அளக்கும் 3டிமார்க் ஆப்பின் வைல்டு லைஃப் சோதனையில் 7200 நாலாயிரத்தை ஒட்டியும், 7300 மூவாயிரத்தை ஒட்டியும் மதிப்பெண் எடுக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

அப்படியென்றால் இது ஏன் விளம்பரத்தில் தெரிவதில்லை? போனின் மொத்த வேகத்துக்கும் மதிப்பெண் போடும் அன்டுடு ஆப்பின் எண்ணால்தான். ஐக்யூவுக்கு ஏழு லட்சத்துக்கு மேல், சிஎம்எஃப்புக்கு ஆறரை லட்சத்துக்கு மேல் என்று இரண்டு தரப்பும் விளம்பரம் செய்தன. பார்த்தால் பத்து சதவீதம் வித்தியாசம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த எண் நான்கு பகுதிகளின் கூட்டுத்தொகை: சிபியு, ஜிபியு, மெமரி, பயன்பாட்டு வேகம். மற்ற மூன்றில் இரண்டு போனும் ஏறத்தாழ சமமாக இருப்பதால் ஜிபியுவில் உள்ள பெரிய பள்ளம் கூட்டலில் மறைந்துபோகிறது. அன்டுடு முடிவுப் பக்கத்தில் `GPU` என்று தனி வரி இருக்கும். அதை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு மதிப்பெண்களும் ஒரே பதிப்பில் எடுக்கப்பட்டவையா என்றும் பாருங்கள். 10-ஆம் பதிப்பின் எண்ணையும் 11-ஆம் பதிப்பின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் அர்த்தமே இல்லை.

சிபியுவைப் பற்றி ஒரு வார்த்தை. 7200-இல் இரண்டு ஏ715 பெரிய கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ். 7300-இல் நான்கு ஏ78 பெரிய கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ். ஏ78 என்பது 2020-இன் வடிவமைப்பு, ஏ715 வந்தது 2022-இல். ஆக பெயரில் புதிய சிப்பின் உள்ளே பழைய கோர் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் அதிகம் இருப்பதால் ஒரே நேரத்தில் பல வேலை செய்யும்போது 7300 சளைக்காது.

ஆடும்போது இதெல்லாம் எங்கே தெரிகிறது? பிஜிஎம்ஐ-யில் கிராபிக்ஸை 'ஸ்மூத்'தில் வைத்து, பிரேம் வேகத்தை 'எக்ஸ்ட்ரீம்', அதாவது 60-இல் வைத்து ஆடினால் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டும் ஓடுகின்றன. அக்கா மகன் அந்த அமைப்பில்தான் ஆடுகிறான், அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. கிராபிக்ஸை எச்டிஆர் பக்கம் ஏற்றி, நாலைந்து பேர் ஒரே வீட்டைச் சுற்றிப் புகைக்குண்டு போடும்போதுதான் சிஎம்எஃப் திக்குகிறது. என் போனும் அங்கே கொஞ்சம் இறங்கும், ஆனால் குறிவைக்கும் விரல் தடுமாறும் அளவுக்கு இல்லை. கென்ஷின் மாதிரிக் கனமான கேம்களை நான் அதிகம் ஆடுவதில்லை. ஆடிய கொஞ்ச நேரத்தில் 7200-லும் நடுத்தர அமைப்புக்கு மேல் போகத் துணியவில்லை.

இன்னொன்று: பிஜிஎம்ஐ-யில் 90 பிரேம் தேர்வு கிடைப்பது சிப்பின் பலத்தை மட்டும் பொறுத்ததல்ல, போன் மாடலைப் பார்த்து கேம் திறந்துவிடுகிறது. ஆகவே 120 ஹெர்ட்ஸ் திரை இருக்கிறது என்பதற்காக 120 பிரேமில் ஆடலாம் என்று நினைக்க வேண்டாம். அதே மாடல் வைத்திருப்பவரிடம் கேமின் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னால் போதும்.

சூடு விஷயத்தில் 7300-க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டுமே டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர் சிப்கள். மே மாதம் மதுரையில் நாற்பது டிகிரி தொடும் மத்தியானத்தில், ஃபேன் காற்றில் ஆடினாலும் சிஎம்எஃப் கையில் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருப்பதாக எனக்குப் படுகிறது. அளந்து சொல்லவில்லை, கை சொல்வதைச் சொல்கிறேன்.

சூட்டை நம்பகமாகப் பார்க்க 3டிமார்க்கில் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இருக்கிறது. ஒரு நிமிடச் சோதனையை இருபது முறை தொடர்ந்து ஓட்டும். முடிவில் மிக அதிக மதிப்பெண், மிகக் குறைந்த மதிப்பெண், நிலைத்தன்மை சதவீதம் மூன்றையும் காட்டும். யூடியூப் விமர்சனங்களில் "99 சதவீதம் ஸ்டேபிள்" என்று கொண்டாடுவது அந்த மூன்றாவது எண்ணை. அதில் ஏமாறக் கூடாது. உதாரணத்துக்கு, 3000-இல் தொடங்கி 99 சதவீதம் தாங்கும் போன் கடைசியில் 2970-இல் நிற்கும். 8000-இல் தொடங்கி 70 சதவீதத்துக்கு இறங்கும் போன் 5600-இல் நிற்கும். சூடேறித் தளர்ந்த பிறகும் இரண்டாவதுதான் வேகமானது. மிகக் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். அரை மணி நேரம் ஆடினால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான்.

பின்னொட்டுகளுக்கு அதிக மரியாதை வேண்டாம். 7200 ப்ரோ, 7200 அல்ட்ரா, 7300 எனர்ஜி என்று போன் கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும்; ஜிபியு அதேதான். டைமென்சிட்டி 7050 என்பது பழைய 1080-க்கு வைத்த புதுப் பெயர். ஸ்நாப்டிராகன் பக்கம் மட்டும் பின்னொட்டு நிஜமாகவே தரத்தை மாற்றும்: 7 பிளஸ் ஜென் 2-இல் ஜிபியு அட்ரினோ 725, 7எஸ் ஜென் 2-இல் அட்ரினோ 710. அந்த 710-தான் 6 ஜென் 1-லும் இருக்கிறது. அட்ரினோவுக்குக் கோர் எண்ணிக்கையைப் பெயரில் போடுவதில்லை என்பதால் அங்கே சோதனை மதிப்பெண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இந்த இரண்டு போன்களும் இப்போது செகண்ட்ஸில் கிடைக்கின்றன. நான் பார்த்த கடைகளில் விலை போடுவது போன் வந்த மாதத்தையும் பிராண்டையும் பார்த்துத்தான். ஜிபியுவை யாரும் கேட்பதில்லை. அதனால் வயதான 7200 போன் மலிவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, கேம் ஆடுபவருக்கு அது லாபம். காசு கொடுக்குமுன் சிபியு-இசட் ஆப்பைப் போட்டு `GPU Renderer` வரியைப் பாருங்கள். `Mali-G610 MC4` என்று வர வேண்டும். சிப்பின் மாடல் எண்ணைக் காட்டும் ஆப்களில் 7200-க்கு `MT6886` என்றும் 7300-க்கு `MT6878` என்றும் வரும். அப்படியே அந்த ஸ்ட்ரெஸ் டெஸ்டையும் கடையிலேயே ஓட்டிவிடுங்கள். இருபது நிமிடம் ஆகும், கடைக்காரர் முகம் சுளிப்பார். பாதியில் மதிப்பெண் மளமளவென்று சரிந்தாலோ, போன் அணைந்து மறுபடி எழுந்தாலோ பேட்டரியோ உள்ளே பிரித்து மாட்டிய வேலையோ சரியில்லை. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.